விளக்கை ஒளித்துவைத்த பெயர்

காமிக்ஸ் நாயகனுக்கு இரண்டு பெயர்கள் வேண்டும். ஒன்று முகமூடிக்கு, மற்றொன்று வீட்டுக்கு. இரண்டுக்கும் இடையே ஓர் எதிரொலி இருந்தால் கதை இன்னும் சுவைக்கும்.

1940-இல் அமெரிக்காவில் ஓவியர் மார்ட்டின் நோடெல் ‘கிரீன் லான்டர்ன்’ என்ற நாயகனை உருவாக்கினார். மந்திர விளக்கிலிருந்து சக்தி பெறும் மோதிரத்தை அணிந்தவன் அவன். கதை எழுத வந்தவர் பேட்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான பில் ஃபிங்கர். விளக்கு என்றதும் அவருக்கு அலாவுதீன் நினைவுக்கு வந்தான். ஆங்கிலத்தில் அவன் அலாடின். எனவே நாயகனின் இயற்பெயரை ‘ஆலன் லாட்’ என வைக்கலாம் என்றார் ஃபிங்கர். ஆலனைச் சுருக்கி ‘ஆல் லாட்’ என்று சொல்லிப் பாருங்கள், அலாடின் முக்கால்வாசி கேட்டுவிடும். முகமூடிப் பெயர் விளக்கைக் காட்டுகிறது, இயற்பெயர் அந்த விளக்கின் கதையை ஒளித்துவைக்கிறது. அருமையான யோசனை!

ஆனால் அது நிற்கவில்லை. சிலேடை அப்பட்டமாகத் தெரிகிறது என்று கருதி ‘ஆலன் ஸ்காட்’ ஆக்கினார்கள். 1942-இல் ஆலன் லாட் என்ற நடிகரே ஹாலிவுட்டில் புகழ்பெற்றுவிட்டார்.

ரகசியம் காக்கவேண்டிய நாயகனுக்கு இதுதான் எல்லை. எதிரொலி மெலிதாக இருக்கவேண்டும். வில்லனுக்கு அந்தக் கவலை இல்லை: ஆட்டோ ஆக்டேவியஸ் ‘டாக்டர் ஆக்டோபஸ்’ ஆகலாம்.

நீங்கள் நாயகனுக்குப் பெயர் வைத்தால், இரண்டு பெயர்களையும் நண்பரிடம் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். அவர் உடனே தொடர்பைப் பிடித்துவிட்டால் பெயரை மாற்றுங்கள்.