மூன்றாமவர் பார்க்க முடியாத பேச்சு

ஆசிரியரும் மாணவரும் சமூக ஊடகத்தில் எதுவரை பேசலாம்? அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2011-இல் இதற்குச் சட்டத்தாலேயே விடை சொல்லப் பார்த்தது. பிறர் பார்க்க முடியாதபடி மாணவரோடு தனித்துப் பேச வழிவிடும், பணி சாராத தளங்களை ஆசிரியர்கள் பயன்படுத்தக் கூடாது என்றது அச்சட்டம். தனிச்செய்தி வசதி இருப்பதால் ஃபேஸ்புக்கே விலக்கப்பட்டதுபோல ஆனது. தன் பள்ளியில் படிக்கும் சொந்தப் பிள்ளையோடு பேசவும் தடை வரும் நிலை. ஆசிரியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. நடைமுறைக்கு வருமுன்பே, ஆகஸ்டில், நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பிறகு சட்டமன்றம் அப்பிரிவை நீக்கி, விதிகளை எழுதி வகுக்கும் பொறுப்பைக் கல்வி மாவட்டங்களிடமே விட்டது.

தடையின் அகலம்தான் தவறு. அது சுட்டிய இடம் சரியானது. இரவு பத்தரைக்கு ஒரு மாணவி கணக்கில் சந்தேகம் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை வகுப்புக் குழுவில் பதில் போட்டால் எல்லோருக்கும் பயன். உடனே தனிச்செய்தியில் பதில் போய், “இன்னும் தூங்கலையா?” என்று தொடர்ந்தால் பேச்சு பாடத்தை விட்டு நகர்கிறது. “படிச்சதும் அழிச்சிடு” என்று வந்துவிட்டால் எல்லை தாண்டியாயிற்று. அந்தச் செய்தியை அழிக்காமல் பெற்றோரிடமோ தலைமையாசிரியரிடமோ அப்படியே காட்ட வேண்டும்.