ஆறு தேதிகள்

ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, சூப்பர்வைசர் ஒருவர் எழுதிய மெமோ கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தது. 'நீங்கள் அடிக்கடி தாமதமாக வருகிறீர்கள். பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறீர்கள். இனியும் தொடர்ந்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' அவ்வளவுதான். எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று ஒரு எண்கூட இல்லை. நான் அதைத் திருப்பி அனுப்பி, வருகைப் பதிவேட்டைக் கேட்டேன்.

ஜூன் 2, 5, 9, 12, 16, 19. காலை 7 மணி ஷிப்டுக்கு 20 முதல் 35 நிமிடம் வரை தாமதம். காலண்டரை எடுத்துப் பார்த்தால் எல்லாமே செவ்வாயும் வெள்ளியும்! மற்ற நாள்களில் அந்த ஆபரேட்டர் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. 'அடிக்கடி' என்ற சொல் இதைத்தான் மறைத்திருந்தது.

எச்சரிக்கைக்கு முன்னால் விளக்கம் கேட்க வேண்டும். தேதிகளைக் குறிப்பிட்டு, மூன்று நாளில் பதில் தரச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தோம். அப்பாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ், காலையில் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதித் தந்தார். சூப்பர்வைசர் இரண்டு முறை சத்தம் போட்டிருக்கிறார். ஏன் என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

அப்படியானால் எச்சரிக்கையே வேண்டாமா? வேண்டும் என்றுதான் நினைத்தேன். 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி நிலையாணைகளும், வழக்கமாகத் தாமதமாக வருவதை ஒழுங்கீனமாகவே அப்போது சொல்லியிருந்தன. அதைவிட, மாற்று ஆள் வரும்வரை இரவு ஷிப்ட்காரர் மெஷினை விட்டு நகர முடியாது. ஆறு நாளும் அவர்தான் கூடுதலாக நின்றார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

கடைசியில் போன கடிதம் இப்படி: 'மேற்கண்ட ஆறு நாள்கள் தாமதமாக வந்துள்ளீர்கள். அதனால் இரவு ஷிப்ட் பணியாளர் காத்திருக்க நேர்ந்தது. உங்கள் விளக்கத்தை ஏற்று, செவ்வாய், வெள்ளியில் மட்டும் காலை 8 மணி பொது ஷிப்ட் தருகிறோம். அன்று உங்கள் மெஷினை வேறொருவர் பார்த்துக்கொள்வார். தாமதமாகும் என்று தெரிந்தால் 6.30-க்குள் சூப்பர்வைசருக்குப் போன் செய்யவும். நான்கு வாரம் கழித்துச் சேர்ந்து பரிசீலிப்போம். தகவலின்றித் தாமதம் தொடர்ந்தால் அடுத்த கட்ட நடவடிக்கை எடுக்க நேரிடும்.' 'பொறுப்பில்லாமல்' என்ற சொல்லை எடுத்துவிட்டோம். நேரத்தை அளக்கலாம், மனசை யார் அளப்பது?

கடிதத்தைத் தமிழில்தான் கொடுத்தோம். ஆங்கில மெமோவில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம். கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் பயந்தார். அப்படியில்லை, கடிதம் கைக்கு வந்ததற்கு மட்டுமே இது சாட்சி என்று விளக்கி, பதில் எழுத இடமும் காட்டினேன். அங்கே அவர் எழுதியது ஒரே வரி: 'வெள்ளிக்கிழமை 7.45-க்கே வந்துவிடுவேன்.'