எடை குறைப்பு அறுவை சிகிச்சை: இன்சூரன்ஸ் பார்க்கும் இரண்டு எண்கள்

கடலூர், சிதம்பரம் பக்கத்து மக்கள் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பெரும்பாலும் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போகிறார்கள். தனியார் மருத்துவமனை என்றால் செலவு சில லட்சங்களைத் தொடும். கையில் மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறது, டாக்டரும் அறுவை தேவை என்று எழுதித் தந்துவிட்டார், ஆகவே பணம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கம்பெனி பார்ப்பது டாக்டரின் கடிதத்தை மட்டும் அல்ல. பிஎம்ஐ 40-ஐத் தொட்டிருக்கிறதா, இல்லையென்றால் 35-ஐயாவது தொட்டிருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

விதி எங்கே இருக்கிறது

தனியார் கம்பெனி, அரசுக் கம்பெனி என்று வேறுபாடு இல்லாமல் இந்த நிபந்தனை ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, மருத்துவ பாலிசிகளில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்பதற்கான வாசகங்களை 2019 செப்டம்பரில் ஒரே சீராக்கியது. உடல் பருமனுக்கான வாசகத்தின் குறியீடு Excl06. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் இந்தக் குறியீட்டைத் தேடினால் அந்தப் பத்தி கிடைத்துவிடும்.

அதன் சாரம் இது. அறுவை சிகிச்சை டாக்டரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைகள் அதை ஆதரிக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இவற்றோடு பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 40 இல்லாமல் 35 அல்லது அதற்கு மேல் இருந்தால், குறிப்பிட்ட நான்கு கடுமையான நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பிரிவினர் அறுவையைவிட எளிய வழிகளில் எடையைக் குறைக்க முயன்று பலிக்காமல் போயிருக்கவும் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து பொருந்தாவிட்டால் அந்தச் செலவு பாலிசிக்கு வெளியே போய்விடும்.

மூன்று சென்டிமீட்டர் செய்யும் வேலை

பிஎம்ஐ என்பது எளிய கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். உயரத்தால் இரண்டு முறை வகுப்பதால், எடையில் வரும் சிறு பிழையைவிட உயரத்தில் வரும் சிறு பிழைதான் விடையை அதிகம் அசைக்கும்.

ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். சிதம்பரத்தில் தையல் கடை வைத்திருக்கும் 46 வயதுப் பெண் ஒருவர். உயரம் 152 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. 1.52-ஐ 1.52-ஆல் பெருக்கினால் 2.31. 84-ஐ அதால் வகுத்தால் பிஎம்ஐ 36.4. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. மாத்திரையும் இன்சுலினும் எடுத்தும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 9.4-லேயே நிற்கிறது. விதியின் இரண்டாவது பிரிவுக்குள் அவர் தெளிவாக வருகிறார்.

ஆனால் புறநோயாளிச் சீட்டில் அவசரத்தில் செருப்போடு நிற்கவைத்து உயரத்தை 155 என்று எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். இப்போது 1.55-ஐ 1.55-ஆல் பெருக்கினால் 2.4025. அதே 84 கிலோவுக்கு பிஎம்ஐ 35-க்கு மயிரிழை கீழே இறங்கி 34.96 ஆகிவிடுகிறது. உடலில் எதுவும் மாறவில்லை, ஆனாலும் கோப்பைப் பார்க்கும் கம்பெனி டாக்டருக்கு இவர் தகுதியில்லாதவர்.

எடையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த அறுவைக்கு முன்னால் வழக்கமாக இரண்டு வாரம்போல மிகக் குறைந்த கலோரி உணவு தருவார்கள். கொழுப்பேறிப் பெருத்த கல்லீரல் அதனால் கொஞ்சம் சுருங்கும். வயிற்றுக்குள் கருவியை நுழைத்து வேலை செய்ய இடம் கிடைக்கும். அந்த நாட்களில் நம் தையல்காரர் நான்கு கிலோ குறைந்து 80-க்கு வந்தால், சரியான உயரத்தை வைத்துப் பார்த்தாலும் பிஎம்ஐ 34.6 ஆகிவிடும். எந்த நாளின் எடையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று Excl06 வாசகம் சொல்லவில்லை. அட்மிஷன் தாளில் உள்ள எடையை மட்டும் பார்த்தால் மறுப்பு வர வாய்ப்பு உண்டு.

இதற்கு வழி, முதல் சந்திப்பிலேயே வெறுங்காலோடு உயரத்தையும் எடையையும் அளந்து, தேதியோடு டாக்டரின் கையெழுத்தில் வாங்கி வைப்பது. அறுவை சிகிச்சை நிபுணரின் கடிதத்தில், முதலில் இருந்த எடை இது, அறுவைக்கு முந்தைய உணவுமுறையால் குறைந்தது இவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்ல வேண்டும். கேஷ்லெஸ் அனுமதி வாங்குவதாக இருந்தால், அது எத்தனை நாள் செல்லும் என்று கேட்டுக்கொண்டு, உணவுமுறை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

நான்கு நோய்கள் மட்டும்

35-க்கும் 40-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு விதி ஏற்கும் நோய்கள் நான்கே. உடல் பருமனால் இதயத் தசை பலவீனமாவது, இதய ரத்தக்குழாய் அடைப்பு, தூக்கத்தில் மூச்சு அடைபடும் கடுமையான நிலை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை. மூட்டு வலி, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு, கருமுட்டைப்பை நீர்க்கட்டி ஆகியவை எடையோடு நெருங்கிய தொடர்புடையவை என்றாலும் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை மட்டும் எழுதி அனுப்பும் கோப்பு இந்த இடத்தில் தடுக்கி நிற்கும்.

பட்டியலில் உள்ள நோயாக இருந்தாலும் பெயரைச் சொன்னால் போதாது, அதன் கடுமையைக் காட்ட வேண்டும். குறட்டை விடுகிறார் என்பது சான்று ஆகாது. இரவு முழுக்கத் தூங்கவைத்துச் செய்யும் பரிசோதனையில் மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டால்தான் மருத்துவத்தில் அதைக் கடுமையானது என்பார்கள். சர்க்கரை என்றால், மருந்து எடுத்தும் கட்டுப்படவில்லை என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி அளவுப் பரிசோதனையின் அறிக்கைகள், மூன்று மாத இடைவெளியில் எடுத்தவை இரண்டு மூன்றும், அந்தக் காலத்து மருந்துச் சீட்டுகளும் சேர்ந்தால் அந்த வாதம் நிற்கும்.

எடை குறைக்க முயன்றும் பலனில்லை என்பதற்கும் இதே போல் தாள் தேவை. எத்தனை மாதம் முயன்றிருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அதனாலேயே, உணவு ஆலோசகர் எழுதித் தந்த பட்டியல், ஒவ்வொரு முறையும் குறித்த எடை, டாக்டர் தந்த மருந்து எல்லாம் தேதிவாரியாக இருப்பவருக்குக் கேள்வி குறையும். ஊரில் உள்ள குடும்ப டாக்டரின் பழைய சீட்டுகளும் இதற்கு உதவும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

டாக்டரின் எல்லையும் கம்பெனியின் எல்லையும்

35, 40 என்ற எல்லைகள் 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் கூட்டத்திலிருந்து வந்தவை. அப்போது வயிற்றை நீளமாகத் திறந்து செய்யும் அறுவையே வழக்கம். இன்று சிறு துளைகள் வழியே செய்கிறார்கள். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல ஆக்கும் ஸ்லீவ் முறை பரவலாக நடக்கிறது.

அதோடு நம்மவர்களின் உடல்வாகும் வேறு. அதே பிஎம்ஐயில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம், சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது. அதனால் இந்திய நிபுணர்கள் 2009-இல் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல் எல்லைகளை 37.5 என்றும், துணை நோய் இருந்தால் 32.5 என்றும் இறக்கியது. 2022-இல் அமெரிக்கச் சங்கமும் உலகச் சங்கமும் சேர்ந்து 1991-இன் எல்லைகளையே மாற்றின. துணை நோய் இல்லாவிட்டாலும் 35 போதும் என்றும், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே அறுவையைப் பற்றிச் சொல்லலாம் என்றும் அவை பரிந்துரைத்தன.

பிஎம்ஐ 33, சர்க்கரை கட்டுப்படவில்லை என்ற நிலையில் ஒருவருக்கு டாக்டர் அறுவையைப் பரிந்துரைப்பது இதனால்தான். அது தவறான மருத்துவம் அல்ல. ஆனால் Excl06 வாசகப்படி கம்பெனி மறுத்தால் அந்த மறுப்பும் பாலிசிக்கு உட்பட்டதே. மருத்துவம் நகர்ந்த தூரத்துக்கு அந்த வாசகம் நகரவில்லை, அதன் சுமை நோயாளியின் தலையில் விழுகிறது. இப்படிப்பட்டவர் அட்மிஷனுக்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டால், புதுச்சேரி ஜிப்மர் போன்ற அரசு நிறுவனத்தில் விசாரிக்கும் வழி மிச்சம் இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அதற்குத் தனியான சிகிச்சைப் பட்டியல் உண்டு என்பதால், அந்தத் திட்டத்தில் உள்ள மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்க வேண்டும்.

எண் பொருந்தினாலும்

பிஎம்ஐ பொருந்திவிட்டது என்பதால் பணம் உறுதி அல்ல. பல பாலிசிகளில் இந்த அறுவைக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அது 36 மாதங்களைத் தாண்டக்கூடாது. பாலிசி எடுக்கும்போதே இருந்த சர்க்கரைக்கும் அதே உச்சவரம்புதான். சில பாலிசிகள் மொத்தக் காப்பீடு எவ்வளவு இருந்தாலும் இந்த அறுவைக்கு மட்டும் ஒரு குறைந்த தொகையையே உச்சமாக வைக்கின்றன. அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுக்க வேண்டியிருக்கும் சத்து மாத்திரைகளின் செலவு, பாலிசி அனுமதிக்கும் சில வாரங்களுக்குப் பிறகு உங்களுடையதே.

பாலிசி எடுத்தபோது சர்க்கரையையோ எடையையோ மறைத்திருந்தால் அதையே காரணம் காட்டிக் கம்பெனி மறுக்கலாம். 60 மாதங்கள் இடைவிடாமல் பாலிசி ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலன்றி அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

மறுப்பு வந்தால்

எந்தப் பிரிவின்படி மறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். நம் தையல்காரருக்கு வந்த மறுப்பு 34.96-ஐக் காட்டினால், கொடுக்க வேண்டியது நீண்ட முறையீடு அல்ல. வெறுங்காலோடு மீண்டும் அளந்து மருத்துவமனை தரும் திருத்தச் சான்றும், முதல் சீட்டின் நகலும் போதும். அவற்றோடு மறுபரிசீலனை கேட்க வேண்டும். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது என்பதால் க்ளெய்மே போய்விட்டது என்று எண்ணவும் வேண்டாம். பணம் கட்டிச் சிகிச்சை பெற்றபின் அதே தாள்களோடு திரும்பக் கேட்கலாம்.

கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அங்கேயும் முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது தேதியிட்ட அந்த உயரமும் எடையும்தான்.