ஒரே ஓட்டை, இரண்டு நிறம்

பிறவி இதயக் கோளாறுகளை மருத்துவர்கள் முதலில் பிரித்துப் பார்ப்பது நிறத்தை வைத்து. பிள்ளையின் உடல் நீலம் பாய்ந்தால் ஒரு வகை, பாயாவிட்டால் இன்னொரு வகை. ஆனால் நிறத்தை முடிவு செய்வது ஓட்டை அல்ல. அந்த ஓட்டை வழியாக ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான். ஒரே இடத்தில், ஒரே அளவில் ஓட்டை உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்று சிவந்தும் மற்றது நீலமாகவும் இருக்க முடியும்.

இதயத்தின் வலது பாதி உடலிலிருந்து திரும்பி வரும் கறுத்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பாதி நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றி வந்த சிவந்த ரத்தத்தை உடல் முழுக்கத் தள்ளுகிறது. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் ரத்தக் குழாய்களும் இளகியவை. அதனால் வலது கீழறைக்கு அதிக பலம் தேவையில்லை. இடது கீழறையின் அழுத்தம் அதைப்போல நான்கு, ஐந்து மடங்கு. இரண்டு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் ஓட்டை இருந்தால், ரத்தம் அழுத்தம் கூடிய இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் பாயும். சிவந்த ரத்தம் கறுத்த ரத்தத்தோடு சேர்ந்து மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. உடலுக்குப் போகும் ரத்தத்தில் கறுப்பு கலப்பதில்லை, எனவே நிறம் மாறாது. நுரையீரல் மட்டும் வெள்ளக்காடாகிறது.

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி, பண்ருட்டி வட்டாரத்து முந்திரிக் காடுகளுக்கு நடுவே முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்கள் இருக்கின்றன. தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியதிலிருந்து, இத்தகைய ஊர்களின் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் நடமாடும் மருத்துவக் குழு வர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் குழு தேடவேண்டிய கோளாறுகளில் பிறவி இதய நோயும் ஒன்று. விளக்கத்துக்காக, அப்படியொரு முகாமுக்கு இரண்டு பிள்ளைகள் வருவதாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று ஐந்து மாதக் கைக்குழந்தை. மற்றது இரண்டரை வயதுச் சிறுமி. இருவருக்கும் கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை.

கைக்குழந்தையின் தாய் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். "பால் குடிக்கும்போது நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது, கொஞ்சம் குடிச்சதும் களைச்சு விட்டுடுது, எப்பப் பாத்தாலும் சளி" என்பார். இந்த மூன்றும் நுரையீரலில் ரத்தம் தேங்குவதன் அடையாளங்கள். பிள்ளையின் சட்டையைக் கழற்றினால் மூச்சு வேகம் நிமிடத்துக்கு அறுபதைத் தொடும், விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே குழியும், கல்லீரல் விலாவுக்கு வெளியே தட்டுப்படும், எடை வயதுக்குக் கீழே இருக்கும். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் இதயம் கையைத் தூக்கித் தூக்கிப் போடும். எக்ஸ்ரேயில் இதயம் பெருத்தும், நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்துப் பரவியும் தெரியும்.

சிறுமியின் கதை வேறு. அவளுக்குச் சளித் தொல்லை அதிகமில்லை, மூச்சும் இளைப்பதில்லை. அம்மா சொல்வது இதுதான்: "கொஞ்ச தூரம் ஓடினா குந்திக்கிறா. அழுதா உதடு கறுத்துப் போகுது." விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கவிழ்த்த கரண்டி போல் வளைந்திருக்கும். எக்ஸ்ரேயில் இதயம் பெருக்கவில்லை. அதன் முனை மட்டும் மேல்நோக்கித் தூக்கி, பூட்ஸ் காலணி போன்ற வடிவம் தெரியும். நுரையீரல் ரத்தம் வற்றி, வழக்கத்தைவிடக் கறுப்பாக விழும்.

சிறுமிக்கு இருப்பது ஃபாலோவின் நால்வகைக் கோளாறு. பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஃபாலோ 1888-இல் விரிவாக விவரித்தது. கீழறைச் சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வாசலில் குறுக்கம், ஓட்டையின் மேலே சவாரி செய்யும் பெருந்தமனி, தடித்த வலது கீழறை ஆகியவை அந்த நான்கு. அவற்றுள் நிறத்தைத் தீர்மானிப்பது குறுக்கம் ஒன்றுதான். நுரையீரலுக்குப் போகும் வழி அடைபடும்போது, வலது கீழறையிலுள்ள கறுத்த ரத்தம் எளிய வழியாக ஓட்டைக்குள் புகுந்து பெருந்தமனியில் ஏறிவிடுகிறது. ஆக்சிஜன் ஏறாத ரத்தம் உடலுக்குப் போகிறது, பிள்ளை நீலமாகிறது. குந்தி உட்கார்ந்தால் கால்களின் ரத்தக் குழாய்கள் மடங்கி, உடல் பக்கத்தின் எதிர்ப்பு கூடும். அப்போது ஓட்டை வழியே ஏறும் ரத்தம் குறைந்து, நுரையீரலுக்குப் போவது கூடும். அந்தச் சிறுமிக்கு யாரும் கற்றுக்கொடுக்காமலே உடல் கண்டுபிடித்த வைத்தியம் அது.

ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் மர்மர் ஓசைதான் பலரைத் தடுமாற வைக்கும் இடம். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறும். முழுக்கத் திறந்துவிட்டால் அதிகச் சத்தமில்லாமல் கொட்டும். இதயத்திலும் அப்படித்தான். சிறிய ஓட்டையில் இடமிருந்து வலம் பாயும் ரத்தம் மார்பெலும்பின் இடது கீழ்ப்பக்கத்தில், இதயம் சுருங்கும் நேரம் முழுக்கவும், உரக்கக் கேட்கும். கை வைத்தாலே அதிர்வு தட்டுப்படும். அந்தப் பிள்ளை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஓட்டை தானாக மூடிவிடவும் கூடும். பெரிய ஓட்டையில் ஓசை மெலிவாகவே இருக்கும். ஆபத்தோ அதில்தான் அதிகம். ஓசை பெரியதா சிறியதா என்பதை வைத்து நோயின் கடுமையை அளப்பது தவறு.

சிறுமியிடம் கேட்கும் மர்மர் ஓட்டையின் ஓசையே அல்ல. ஓட்டை பெரியது, இருபக்க அழுத்தமும் ஏறக்குறைய சமம், அங்கே சீற்றம் கிடையாது. ஓசை எழுவது நுரையீரல் வாசலின் குறுக்கத்தில். அதனால் அது மார்பெலும்பின் இடது மேல்பக்கத்தில், இதயம் சுருங்கும் நேரத்தின் நடுவே ஏறி இறங்கும். இரண்டாம் இதய ஒலியில் நுரையீரல் வால்வின் பங்கு மெலிந்து, ஒரே ஒலியாகக் கேட்கும். கைக்குழந்தையிடமோ அதே ஒலி உரத்து அடிக்கும், நுரையீரலின் அழுத்தம் ஏறியிருப்பதால். குறுக்கம் கூடக்கூட அதன் வழியே போகும் ரத்தம் குறைவதால், ஓசையும் குறைகிறது. திடீரென்று நீலம் ஏறி, பிள்ளை மூச்சுக்குத் தவித்து மயங்கும் நேரத்தில் மர்மர் ஏறக்குறைய மறைந்தே போகும். ஓசை அடங்குவது அங்கே நல்ல சேதி அல்ல. அந்த நிமிடத்தில் பிள்ளையின் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

நுரையீரலுக்கு ரத்தம் போதாததுதான் நீலத்துக்குக் காரணம் என்ற புரிதலிலிருந்தே முதல் சிகிச்சையும் பிறந்தது. ஹெலன் டாசிக் சொன்ன யோசனையை வைத்து, விவியன் தாமஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய முறையில், 1944 நவம்பரில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆல்ஃப்ரெட் பிளாலாக் ஒரு குழந்தைக்குக் கைத் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார். இன்று ஓட்டையை மூடி, குறுக்கத்தை அகலப்படுத்தும் முழு அறுவைச் சிகிச்சையையே பெரும்பாலும் ஒரு வயதுக்குள் செய்துவிடுகிறார்கள்.

நிறத்தைப் பார்ப்பது சுலபம் என்று தோன்றும், ஆனால் ஏமாற்றுவதும் அதுவே. கறுத்த தோலில் உடலின் நீலம் எளிதில் தெரியாது. நகத்தில் மருதாணி வைத்திருந்தால் நகமும் உதவாது. மார்கழிக் குளிரில் தலைக்குக் குளிப்பாட்டிய பிள்ளையின் கையும் காலும் நீலம் பூக்கும், அதற்கும் இதயத்துக்கும் தொடர்பில்லை. பார்க்க வேண்டிய இடம் நாக்கு. அதுவும் பகல் வெளிச்சத்தில். நாவற்பழம் தின்ற வாயென்றால் அதுவும் ஏமாற்றும், கேட்டுவிட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னும் பெரிய ஏமாற்று ரத்தசோகை. 100 மில்லி ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாத ஹீமோகுளோபின் சுமார் 5 கிராம் சேர்ந்தால்தான் கண்ணுக்கு நீலம் தெரியும். ஒரு பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 20 கிராம், ஆக்சிஜன் அளவு 75 சதவீதம் என்றால், ஏறாத கால்பங்கு 5 கிராம், நீலம் தெரியும். அதே 75 சதவீதம்தான், ஆனால் ஹீமோகுளோபின் 8 கிராம் என்றால், கால்பங்கு 2 கிராம்தான், நீலம் தெரியாது. இரண்டாவது பிள்ளைக்கு ஆக்சிஜன் தட்டுப்பாடு குறைவு என்று பொருளில்லை, வெளிறிய உதடு அதை மறைக்கிறது. ரத்தசோகை மிகுந்த பிள்ளைகளிடம் கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

நீலம் என்றால் நுரையீரலில் ரத்தம் குறைவு என்ற கணக்கும் எப்போதும் பொருந்தாது. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தை, பிறந்த சில மணி நேரத்திலேயே நீலமாகும். மர்மர் பெரும்பாலும் கேட்காது, நுரையீரலுக்கும் ரத்தம் தாராளமாகவே போகும். அதேபோல் ஓட்டை உள்ள குழந்தைக்கும் பிறந்த அன்று ஓசை கேட்காமல் போகலாம். அப்போது நுரையீரலின் குழாய்கள் இன்னும் இறுக்கமாக இருப்பதால் இருபக்க அழுத்தத்திலும் வித்தியாசம் குறைவு. நான்கு முதல் ஆறு வாரத்தில் அவை இளகிய பிறகே ஓசையும் மூச்சிரைப்பும் தொடங்கும். பிறந்தபோது எல்லாம் சரி என்று சொல்லப்பட்டது, ஆறாவது வாரத்துக்குச் சான்று ஆகாது.

கைக்குழந்தையை அப்படியே விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் நடப்பது கொடுமையானது. வெள்ளத்தைத் தாங்கித் தாங்கி நுரையீரலின் குழாய்ச் சுவர்கள் தடிக்கும். மூச்சிரைப்பு குறையும், சளி குறையும், மர்மர் மெலியும். வீட்டில் பிள்ளை தேறிவிட்டது என்று நினைப்பார்கள். பிறகு வலப்பக்க அழுத்தம் இடப்பக்கத்தை மீற, ஓட்டம் திசை திரும்பி, சிவந்த பிள்ளை நீலமாகிறது. ஐசன்மெங்கர் நிலை என்று இதற்குப் பெயர். அந்தக் கட்டத்தில் ஓட்டையை மூட முடியாது, ஏனென்றால் வலது கீழறைக்கு மிஞ்சியிருக்கும் வடிகாலே அதுதான். பெரிய ஓட்டையைப் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள்ளேயே மூடிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவதற்கு இதுதான் காரணம்.

கடைசித் தீர்ப்பை எக்கோ பரிசோதனை தருகிறது. ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அது திரையில் காட்டிவிடும். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதுச்சேரி ஜிப்மரும் சென்னையும் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதயக் கோளாறுகளுக்கான அறுவைச் சிகிச்சைகளும் உண்டு. அதற்கும் முன்னால் செய்யக்கூடிய சோதனை ஒன்று, வலியில்லாதது, சில நிமிட வேலை: பிறந்து 24 மணி நேரம் கழிந்த குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்ப்பது. எங்காவது 90-க்குக் கீழே இருந்தால் உடனே இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், கையில் எவ்வளவு, காலில் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.