குளிர்ந்த மலையில் சுட்ட வெயில்

போன மே மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்குக் கொடைக்கானலிலிருந்து என் தங்கை போன் செய்தாள். ஒன்றரை வயது மகன் தூங்கவே இல்லையாம். கன்னத்தையும் முன்கையையும் தொட்டால் வீறிட்டு அழுகிறான். அந்த இடமெல்லாம் சூடாக இருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை. "காலைல ஸ்வெட்டர் போட்ட குளிருக்கா. மத்தியானம்தான் அரைக்கை சட்டையோட ஏரிக்கரைல விளையாடினான். வெயிலே உறைக்கல" என்றாள்.

வெயில் உறைக்காததுதான் அங்கே சிக்கல். உடம்பில் நாம் உணரும் சூடு வேறு, தோலைப் புண்ணாக்கும் புற ஊதாக் கதிர் வேறு. அந்தக் கதிரைக் கண்ணால் பார்க்க முடியாது, தோலாலும் உணர முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏற ஏற அது சுமார் 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். காற்று குளிர்ந்திருந்தாலும், அங்கே உச்சிவேளைக் கதிர் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

நம் குழந்தைகளின் மாநிறத் தோல் வெள்ளைத் தோல் போலச் செக்கச்செவேல் என்று சிவக்காது. அதனால் வெயில் சுட்டதைப் பெற்றோர் கவனிக்கத் தவறுவார்கள். சில மணி நேரத்தில் தோல் விறைப்பாகி, தொட்டால் சுடும். குழந்தை சட்டை உரசினாலே அழும். சில நாளில் அந்த இடம் கறுத்து உரியும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இப்படி ஆனாலோ, எந்த வயதிலும் கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம்

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வழக்கமாகப் பூசக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பச்சிளம் குழந்தையின் தோல் மெல்லியது. அதோடு, எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலான தோல் பரப்பு அதற்கு உண்டு. ஆகவே பூசுவதில் உடம்புக்குள் போகும் பங்கும் கூடும். அந்த வயதில் நிழல், மெல்லிய பருத்தித் துணி, அகன்ற விளிம்புள்ள தொப்பி ஆகியவையே காப்பு. நிழலுக்கு வழியே இல்லாத இக்கட்டில் மட்டும் முகத்திலும் புறங்கையிலும் துளி பூசலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். தள்ளுவண்டியைத் துணியால் முழுதாக மூடிவிடுவது ஆபத்து. உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறிவிடும்.

நிழலிலேயே வளர்ந்தால் வைட்டமின் டி குறையுமே என்ற கவலை நியாயமானது. அதற்காகத்தான் முதல் வயது முழுக்கத் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து தரச் சொல்கிறார்கள். அதற்காகக் குழந்தையை உச்சி வெயிலில் காட்ட வேண்டியதில்லை.

நிழலைப் பார்த்து முடிவெடுக்கலாம்

ஆறு மாதத்துக்குப் பிறகும் தினமும் பூச வேண்டிய அவசியம் இல்லை. காலை ஏழரைக்குப் பூங்காவுக்குப் போய் வரும் குழந்தைக்குத் தொப்பி போதும். குழந்தையின் நிழல் அதன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். சென்னையில் சித்திரை மாதத்தில் ஏறத்தாழ ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை நிழல் அப்படித்தான் விழும். அந்த நேரத்தில் கடற்கரை, நீச்சல் குளம், மலை என்று அரைமணிக்கு மேல் வெளியே இருக்க வேண்டி வந்தால்தான் சன்ஸ்கிரீன் தேவைப்படும்.

டியூபின் பின்பக்கம்

கடையில் டியூபின் முன்பக்கத்தில் 'பேபி' என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து வாங்கக் கூடாது. பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். சிறு குழந்தைக்கு ஏற்ற வடிகட்டிகள் இரண்டு: சிங்க் ஆக்சைடு, டைட்டேனியம் டை ஆக்சைடு. இரண்டும் தாதுப் பொடிகள். தோலின் மேலேயே தங்கிக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும், கொஞ்சத்தைச் சிதறடிக்கும். டைட்டேனியம், தோலைச் சுடும் யூவி-பி கதிரை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஆழமாக இறங்கும் யூவி-ஏ கதிரில் ஒரு பகுதியை விட்டுவிடும். சிங்க் இரண்டையும் தடுக்கும். ஒன்றுதான் என்றால் சிங்க் ஆக்சைடைத் தேர்ந்தெடுங்கள். நாப்கின் தடிப்புக்குப் பூசும் கிரீம்களில் இருப்பதும் இதே பொருள்தான் என்பதால், குழந்தைத் தோல் இதை ஏற்கும் என்பது பழகி அறிந்த விஷயம்.

ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரிலீன் போன்ற பெயர்கள் இருந்தால் அது வேதி வடிகட்டி உள்ள கிரீம். இவற்றில் சில தோல் வழியே ரத்தத்துக்குள் போவதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019, 2020 ஆண்டுகளில் பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளில் அளந்து காட்டியது. ரத்தத்தில் இருப்பதாலேயே கெடுதி என்று ஆகிவிடாது. ஆனால் மேலும் சோதனை தேவை என்றது அந்த நிறுவனம். பாதுகாப்புக்குப் போதிய சான்று உண்டு என்று அது 2019இல் முன்மொழிந்தது அந்த இரண்டு தாதுக்களை மட்டுமே. இது தவிர, ஆக்ஸிபென்சோனும் ஆக்டோகிரிலீனும் சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தூண்டும்.

எஸ்.பி.எஃப். 30 போதும். அது யூவி-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். ஸ்பிரே வேண்டாம், அது மூச்சோடு உள்ளே போகும். முதல் முறை முன்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் தடிப்பு வருகிறதா என்று பாருங்கள். சிங்க் இருக்கிறதே என்று கேலமைன் லோஷனைச் சன்ஸ்கிரீனாகப் பூச வேண்டாம். அதில் கதிரைத் தடுக்கும் அளவு சோதித்துத் தரப்படுவதில்லை. தேங்காயெண்ணெயும் வெயிலைத் தடுக்காது.

எவ்வளவு பூசுவது?

பெரும்பாலோர் தவறுவது அளவில்தான். டியூபில் அச்சிட்ட எஸ்.பி.எஃப். கிடைக்க, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு இரண்டு மில்லிகிராம் பூச வேண்டும். தங்கை மகன் 11 கிலோ. அவன் உடம்பின் மொத்தத் தோல் ஏறக்குறைய 5,000 சதுர சென்டிமீட்டர். அரைக்கைச் சட்டையும் அரைக்கால் சட்டையும் போட்டால் முகம், கழுத்து, முன்கை, புறங்கை, முழங்காலுக்குக் கீழே என்று 1,450 சதுர சென்டிமீட்டர் வெளியே தெரியும். அதற்குச் சுமார் மூன்று கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்கும் மேலே வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். தண்ணீரில் நனைந்தாலோ துடைத்தாலோ அதற்கு முன்பே பூச வேண்டும். ஆக, பகல் பொழுது முழுதும் வெளியே இருந்தால் ஒன்பது கிராம்.

அதே குழந்தைக்கு முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் ஷூவும் போட்டால், முகம், கழுத்து, புறங்கை மட்டுமே மிச்சம். ஒரு தடவைக்கு ஒன்றேகால் கிராம்தான். துணி பாதிக்கும் மேல் வேலையைச் செய்துவிடுகிறது. வியர்வையில் அது வழிந்து போகாது, மறுபடி பூசவும் வேண்டாம்.

தங்கை மகனுக்கு அன்றிரவு ஈரத்துணி ஒற்றி, அடிக்கடி பால் கொடுத்தார்கள். மறுநாள் டாக்டரிடம் காட்டி, முழுக்க நிழலில் வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் தோல் உரிந்து தேறிவிட்டது. அடுத்த மலைப் பயணத்துக்கு அவள் பையில் முதலில் வைத்தது மெல்லிய முழுக்கைச் சட்டைகள் நான்கும், விளிம்பு அகன்ற தொப்பியும். அவை மறைக்காத இடத்துக்காக ஒரு சிங்க் டியூப்.