லேத் வாங்கலாமா, வெளியே கொடுக்கலாமா?

கோவையில் மோனோபிளாக் பம்ப் செய்யும் சிறு பட்டறைகள் பல, எல்லா வேலையையும் தாங்களே செய்வதில்லை. வார்ப்பு பவுண்டரியிலிருந்து வரும். கடைசல் ஜாப் ஒர்க்காக வெளியே போகும். அசெம்பிளியும் டெஸ்டிங்கும் மட்டும் உள்ளே. ஆர்டர் கூடினால் முதலாளிக்குத் தோன்றுவது இதுதான்: "வெளியே கொடுக்கிற கூலிக்கு நாமே ஒரு சிஎன்சி லேத் போட்டுவிடலாமே?"

இம்பெல்லரை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். கடைசல் கூலி ஒன்றுக்கு 40 ரூபாய் என்று வையுங்கள். சொந்த லேத்தில் மின்சாரம், இன்சர்ட், கூலன்ட் எல்லாம் சேர்த்து 8 ரூபாய். மிச்சம் 32. ஆனால் 18 லட்ச ரூபாய் லேத்துக்கு மாதத் தவணை 38,000, ஆபரேட்டர் சம்பளம் 20,000, பராமரிப்பு 2,000. ஆக, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 60,000 ரூபாய் போகும். அதை 32ஆல் வகுத்தால், மாதம் 1,875 இம்பெல்லர் கடைந்தால்தான் கைக்குக் கை சரியாகும்.

சிக்கல் இனிமேல்தான். ஒன்றுக்கு ஆறு நிமிடம் பிடித்தால், செட்டிங் நேரம் போக ஒரு ஷிஃப்டில் 70 முடியும். 25 நாளில் 1,750. அசலைத் தொடுவதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடுகிறது! இரண்டாவது ஷிஃப்டுக்கு இன்னொரு ஆபரேட்டர் வைத்தால் மாதச் செலவு 80,000 ஆகி, தேவை 2,500க்கு ஏறும். கட்டட வாடகையை நான் சேர்க்கவில்லை. லேத் வந்தாலும் வராவிட்டாலும் அது போகிற பணம்தான்.

பம்ப் விற்பனை கோடையில் ஏறும், மழைக்காலத்தில் படுத்துவிடும். மார்ச் ஆர்டரைப் பார்த்து லேத் வாங்கியவர் அக்டோபரிலும் தவணை கட்ட வேண்டும். வெளியே கொடுப்பவருக்கோ கோடையில்தான் தலைவலி. எல்லாப் பம்ப் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் அதே கடைசல்காரரிடம் நிற்கும். பெரிய ஆர்டர்தான் முதலில் ஏறும்.

தரம் கையை விட்டுப் போகும் என்ற பயம் நியாயமானது. இம்பெல்லரின் வாய்ப்பகுதி விட்டம் கொஞ்சம் குறைந்தாலும் இடைவெளி கூடி, தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு உள்ளேயே திரும்பும். டெஸ்டிங்கில் டிஸ்சார்ஜ் குறைவதை வைத்துத்தான் அது தெரியும். அதற்குள் பம்பை முழுதாகக் கோத்திருப்போம். இதற்கு லேத் வேண்டியதில்லை. சரக்கு வந்து இறங்கும்போதே ஸ்னாப் கேஜ் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் போதும்.

ஒரே ஆளை நம்பியிருப்பதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது. டிராயிங்கும் ஃபிக்ஸ்சரும் அவரிடமே இருந்தால், கூலியை ஏற்றினாலும் நகர முடியாது. அவற்றைச் சொந்தமாகச் செய்து, டெலிவரி சலான் போட்டுக் கொடுங்கள். வேலையையும் இரண்டு பேருக்குப் பிரியுங்கள். இரண்டாமவருக்கு 30 சதவீதம் போனாலும் போதும்.

இந்தக் கணக்கின்படி, மந்தமான மாதங்களிலும் 2,500ஐத் தாண்டுகிற பட்டறை தாராளமாக லேத் வாங்கலாம். மற்றவர்களுக்கு ஜாப் ஒர்க்தான் லாபம்.