நுரையீரலின் கோடுகள்

நள்ளிரவில் ஒருவர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 60. பல்லாண்டு காலம் சுருட்டுப் பிடித்தவர். இருதயமும் சற்று பலஹீனமானது. இருதயம் தளர்ந்ததால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், நிமோனியா கண்டிருக்கலாம், அல்லது நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரலே சுருங்கிப் போயிருக்கலாம். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையோ முற்றிலும் வேறு. முதலாவதற்கு நீரைப் பிரிக்கும் மருந்து, இரண்டாவதற்குக் கிருமிநாசினி மருந்து, மூன்றாவதற்கு மார்பில் குழாய் செருகிக் காற்றை வெளியேற்றுதல்.

ஸ்டெதாஸ்கோப்பை 1816-ல் லென்னெக் என்னும் வைத்தியர் பாரிஸ் நகரில் கண்டுபிடித்தார். நம் நோயாளியின் மார்பில் அதை வைத்தால் இருபுறமும் ஒரே இரைச்சல். அதிலிருந்து ஒன்றும் தெளிவாகவில்லை. வைத்தியர் அடுத்தபடியாக அல்ட்ராஸவுண்டு யந்திரத்தைப் படுக்கையருகே உருட்டி வருகிறார். கர்ப்பிணிகளுக்குச் சிசுவைக் காட்டும் அதே யந்திரந்தான்.

நுரையீரலுக்கு இது உதவாது என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். நம் செவிக்கு எட்டாத ஒலியை இது உடலுக்குள் அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. காற்றோ ஏறக்குறைய முழு ஒலியையும் திருப்பி அடித்துவிடும். ஆகவே திரையில் விழுவதெல்லாம் பொய்த்தோற்றம். பாரிஸை அடுத்த ஆஸ்பத்திரி ஒன்றில் பணியாற்றிய டானியல் லிஷ்டென்ஸ்டைன் என்ற வைத்தியர், அப்பொய்த்தோற்றங்களிலும் ஓர் ஒழுங்கு உண்டென்று கண்டார். மூச்சுத் திணறலோடு வந்த 260 பேரை இம்முறைப்படி சோதித்து 2008-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்தில் ஒன்பது பேருக்கு நோய் இன்னதென்று சரியாகவே தெரிந்தது.

சலூன்களில் எதிரெதிரே மாட்டிய கண்ணாடிகளில் ஒரே முகம் வரிசையாகத் தெரிவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். இரண்டு விலா எலும்புகளுக்கிடையே கருவியை வைத்தால், நுரையீரலின் உறை ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அது தோலிலிருந்து 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், ஒலி கருவிக்கும் உறைக்கும் இடையே மீண்டும் மீண்டும் மோதி, 4-லும் 6-லும் அதே போன்ற படுக்கைக் கோடுகளை வரையும். உறைக்குக் கீழே காற்று இருக்கிறது என்பதே இவற்றின் பொருள். நுரையீரலில் நீர் கோத்தால் நிலைமை மாறும். உறையிலிருந்து திரையின் அடிவரை நெட்டுக் கோடுகள், டார்ச் விளக்கின் ஒளிக்கற்றைபோல் பாய்ந்து, படுக்கைக் கோடுகளை அழித்துவிடும். இரு விலாக்களுக்கிடையே மூன்றோ, அதற்கு மேலோ, மார்பின் இருபுறமும் பல இடங்களில் தெரிந்தால், இருதயக் கோளாறால் வந்த நீர் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். நுரையீரல் தடித்து இறுகிய நோயிலும் இதே கோடுகள் தோன்றும் என்பதால், நோயாளியின் பூர்வ வரலாற்றையும் விசாரித்தாக வேண்டும். நிமோனியாவில், நோய் கண்ட பகுதி கல்லீரலைப் போலக் கெட்டியாகத் தெரியும். அதனுள்ளே மூச்சுக்கேற்ப வெள்ளைப் புள்ளிகள் ஓடும்.

நம் நோயாளியிடம் திரும்புவோம். கசிந்த காற்று மேலே ஏறுமாதலால், முதலில் மார்பின் முன்புறத்தைப் பார்க்கிறார்கள். இடப்புறம் படுக்கைக் கோடுகள். நெட்டுக் கோடு ஒன்றுமில்லை. ஆகவே நீர் காரணமன்று. வலப்புறமும் அதே படுக்கைக் கோடுகள்தாம். அசையாத படமாக அச்சிட்டுக் கொடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் இடப்புறத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் உறைக்கோடு வழுக்கி மினுங்குகிறது. வலப்புறத்தில் அது செத்துக் கிடக்கிறது.

உடனே ஊசியைக் கையிலெடுப்பது அவசரம். பழைய க்ஷயரோகத்தால் உறைகள் ஒட்டிப்போயிருந்தாலும் வழுக்கல் இராது. நம் நாட்டில் இது அரிதன்று. உறைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், இருதயத் துடிப்புக்கேற்ப அக்கோடு லேசாக அதிரவாவது செய்யும். இங்கே அதுவும் இல்லை. வைத்தியர் கருவியைக் கக்கத்தை நோக்கி மெல்ல நகர்த்துகிறார். ஓரிடத்தில், மூச்சை இழுக்கும்போது வழுக்கல் தோன்றுகிறது, விடும்போது மறைகிறது. சுருங்கிய நுரையீரல் மார்புச்சுவரைத் தொட்டு விலகும் எல்லை அதுதான். கசிந்த காற்றுக்கு இதைவிட உறுதியான அடையாளம் இம்முறையில் கிடையாது. நுரையீரல் அடியோடு சுருங்கிச் சுவரை எங்குமே தொடாதிருந்தால் மட்டும் இந்த எல்லை அகப்படாது.

குழாய் செருகப்படுகிறது, காற்று வெளியேறுகிறது. அதற்குப் பின்னும் எக்ஸ்ரே படம் ஒன்று எடுக்கிறார்கள். குழாய் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். உறையைத் தொடாமல் உள்ளே ஆழத்தில் நிமோனியா ஏதும் ஒளிந்திருந்தால், இந்தக் கோடுகள் அதைக் காட்டிக்கொடுத்திரா.